ஏழாவது தாச்சி: எல்லைச் செலவையும் எல்லை வருமானத்தையும் கொண்டு உற்பத்தி அளவைத் தீர்மானிப்பது எப்படி

யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் பக்கத்தில் வறுத்த மிளகாய்த்தூள் செய்து விற்கும் ஓர் அக்காவின் கொப்பியைப் பார்த்தபோதுதான், பல ஆண்டுகளாக உயர்தர வகுப்பில் கரும்பலகையில் நான் வரைந்து வந்த இரண்டு கோடுகளும் உண்மையில் எங்கே சந்திக்கின்றன என்பது எனக்கே தெளிவாயிற்று. அவர் ஒரு நாளில் ஏழு தாச்சி வறுப்பார். ஏழாவது தாச்சியால் நாளுக்கு எழுநூறு ரூபா போகிறது என்று நான் சொன்னபோது அவர் நம்பவில்லை. "கூட்டிப் பிரிச்சுப் பார்த்தா ஒவ்வொரு தாச்சிக்கும் எழுநூறு ரூபாவுக்கு மேலே நிக்குது தம்பி, பிறகேன் ஏழாவதை நிப்பாட்டுவான்?" என்று கேட்டார். அவர் போட்ட கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ஆனால், எத்தனை தாச்சி வறுப்பது என்ற கேள்விக்கு அந்தக் கணக்கு விடை தராது. விடை தரும் கணக்கைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். இலக்கங்களைக் கணக்குப் பார்க்க வசதியாக முழுமைப்படுத்தியிருக்கிறேன். இன்றைய சந்தை விலை இதுவே என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அலகையும் காலத்தையும் முதலில் நிர்ணயித்தல்

எல்லைச் செலவு என்பது இன்னும் ஓர் அலகு கூடுதலாக உற்பத்தி செய்யும்போது மொத்தச் செலவில் ஏற்படும் அதிகரிப்பு. எல்லை வருமானம் என்பது அந்த ஓர் அலகைக் கூடுதலாக விற்கும்போது மொத்த வருமானத்தில் ஏற்படும் மாற்றம். தமிழ்நாட்டு நூல்களில் இவற்றை இறுதிநிலைச் செலவு, இறுதிநிலை வருவாய் என்று எழுதுவார்கள். வரைவிலக்கணத்தில் சிக்கல் எதுவும் இல்லை. "ஓர் அலகு" எது என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள்.

மிளகாய்த்தூளை நூறு கிராம் பைக்கற்றாக விற்கலாம், ஆனால் யாரும் நூறு கிராம் தூளுக்காக அடுப்பு மூட்டுவதில்லை. செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே வறுத்து, ஆறவிட்டு, சேர்த்து அரைத்தால் ஒரு தாச்சிக் கணக்கில் ஏறத்தாழ பத்துக் கிலோ தூள் வருகிறது. "இன்னொன்று போடுவதா, நிறுத்துவதா" என்று அக்கா உண்மையில் முடிவெடுப்பது அந்தத் தாச்சியைப் பற்றித்தான். எனவே நமது அலகு ஒரு தாச்சி, அதாவது பத்துக் கிலோ தூள். நமது காலம் ஒரு நாள். தீர்மானம் எந்த அளவில் எடுக்கப்படுகிறதோ அந்த அளவையே அலகாகக் கொள்ள வேண்டும். கிலோவுக்கு எவ்வளவு என்று கணக்கிட்டால் தாச்சிக்குத் தாச்சி செலவு மாறுவது கண்ணில் படாமல் போய்விடும்.

செலவைப் பிரிக்க ஒரே ஒரு கேள்வி

இரண்டாவது படி, செலவுகளை ஒவ்வொன்றாக எடுத்து, "இன்றைக்கு இன்னொரு தாச்சி போடாவிட்டால் இந்தப் பணம் மிஞ்சுமா?" என்று கேட்பது. மிஞ்சுமானால் அது மாறும் செலவு. எல்லைச் செலவுக்குள் வரும். மிஞ்சாதென்றால் அது நிலையான செலவு. இந்தத் தீர்மானத்தில் அதற்கு இடமில்லை.

அக்காவிடம் கொட்டகை வாடகையும் அரைக்கும் இயந்திரத்துக்கு எடுத்த கடனின் தவணையும் பிற மாதாந்தக் கட்டணங்களும் சேர்ந்து, நாளுக்குப் பிரித்தால் 5,000 ரூபா வருகிறது. ஒரு தாச்சி வறுத்தாலும் ஏழு வறுத்தாலும், அடுப்பே மூட்டாவிட்டாலும் அந்த 5,000 போய்க்கொண்டுதான் இருக்கும்.

மின்சாரப் பட்டியலைப் பிரிப்பதில்தான் சிறிது கவனம் வேண்டும். அதில் மாதத்துக்கு ஒருமுறை வரும் நிலையான கட்டணம் ஒன்றும், பாவித்த அலகுகளுக்கான கட்டணம் ஒன்றும் தனித்தனியே அச்சிடப்பட்டிருக்கும். முன்னையது நிலையான செலவு. பின்னையது மட்டுமே எல்லைச் செலவைத் தொடும். 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் உயர்த்தப்பட்டபோது, பட்டியலின் மொத்தத் தொகையைப் பார்த்துப் பயந்து உற்பத்தியைக் குறைத்தவர்கள் இருந்தார்கள். அலகுக் கட்டணம் உயர்ந்த அளவுக்கு மட்டும் அந்த முடிவில் நியாயம் உண்டு. நிலையான கட்டணம் உயர்ந்ததற்காக ஒரு தாச்சியைக்கூடக் குறைக்க வேண்டியதில்லை, ஏனென்றால் குறைத்தாலும் அந்தப் பணம் மிஞ்சாது.

இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. சென்ற மாதம் கிலோ 900 ரூபாவுக்கு வாங்கிப் போட்ட செத்தல் மிளகாய் மூடை அறையில் இருக்கிறது. இன்று சந்தையில் அதே மிளகாய் 1,100 ரூபா. இன்றைய தாச்சிக்கு எந்த விலையை எழுதுவது? 1,100 ரூபாவைத்தான் எழுத வேண்டும். இந்த மிளகாயை இன்று வறுத்தால் அதற்குப் பதிலாக நாளைக்கு வாங்கப்போவது 1,100 ரூபாவுக்கு. வறுக்காமல் அப்படியே விற்றாலும் கிடைக்கக்கூடியது கிட்டத்தட்ட அதே தொகை. பழைய பற்றுச்சீட்டு, என்ன கொடுத்தோம் என்பதை மட்டுமே காட்டும். இந்தத் தாச்சியால் எதை இழக்கிறோம் என்பதைக் காட்டாது.

எல்லைச் செலவு ஏன் முதலில் இறங்கிப் பிறகு ஏறுகிறது

மூலப்பொருளுக்கும் பொதி செய்வதற்குமாக ஒவ்வொரு தாச்சிக்கும் 9,500 ரூபா போகிறது. அது பெரும்பாலும் மாறாது. மாறுவது கூலியும் விறகும் மின்சாரமும் சேதாரமும்தான்.

முதல் தாச்சிக்கு இவை 1,700 ரூபா. அடுப்பை மூட்டிச் சூடேற்ற வேண்டும், இயந்திரத்தைத் துடைத்துத் துப்புரவாக்க வேண்டும், வேலைக்கு வந்தவர்கள் ஒரு ஒழுங்குக்கு வர நேரம் பிடிக்கும். இரண்டாவது தாச்சிக்கு அடுப்பு ஏற்கெனவே கனன்று கொண்டிருக்கும். ஒருவர் வறுக்க மற்றவர் ஆறியதை அரைக்க, மூன்றாமவர் பைக்கற்றில் அடைப்பார். மூன்றாவது தாச்சியோடு செலவு 1,100 ரூபாவுக்கு இறங்கிவிடுகிறது.

நாலாவதிலிருந்து கதை மாறுகிறது. கொட்டகையில் இருப்பது ஒரே ஒரு இயந்திரம். வறுத்த மல்லியும் மிளகாயும் சூடாக இருக்கும்போதே அதில் போட்டால் எண்ணெய் கசிந்து தூள் கட்டிபட்டுவிடும். அக்கா ஒரு பிடியை உள்ளங்கையில் எடுத்து அழுத்திக் காட்டினார். நன்றாக ஆறிய தூள் விரலை விரித்ததும் உதிர்ந்தது, அவசரப்பட்டு அரைத்தது உருண்டையாகவே நின்றது. ஆகவே ஆறும்வரை காத்திருக்க வேண்டும், இயந்திரமும் இடையிடையே ஓய வேண்டும், அந்த நேரத்திலும் மணிக்கணக்குக் கூலி ஓடிக்கொண்டிருக்கும். ஆறாவது தாச்சி மாலை ஐந்து மணியைத் தாண்டிவிடுவதால் கூலி ஒன்றரை மடங்கு. ஏழாவதில் வெளிச்சமும் குறைந்து ஆட்களும் களைத்துப்போய், வறுபடும் பதம் தவறிக் கருகும் பங்கு கூடுகிறது. முடித்ததை இரவில் ஓட்டோ பிடித்து அனுப்பவும் வேண்டியிருக்கிறது. பாடநூல் இதைக் குறைந்து செல் விளைவு விதி என்கிறது. ஒரு காரணி மாறாமல் நிற்க மற்றவற்றைக் கூட்டிக்கொண்டே போனால், கூட்டும் ஒவ்வொன்றும் தரும் பயன் ஒரு கட்டத்துக்குப் பிறகு குறையும் என்பதே அந்த விதி. இங்கே மாறாமல் நிற்பது அந்த ஒற்றை இயந்திரம்.

கணக்கு இப்படி அமைகிறது. மொத்தச் செலவில் நிலையான 5,000 ரூபாவும் சேர்ந்திருக்கிறது.

| தாச்சி | எல்லைச் செலவு | மொத்தச் செலவு | சராசரிச் செலவு |
|---|---|---|---|
| 1 | 11,200 | 16,200 | 16,200 |
| 2 | 10,700 | 26,900 | 13,450 |
| 3 | 10,600 | 37,500 | 12,500 |
| 4 | 10,900 | 48,400 | 12,100 |
| 5 | 11,400 | 59,800 | 11,960 |
| 6 | 12,300 | 72,100 | 12,017 |
| 7 | 13,700 | 85,800 | 12,257 |

விலை மாறாத சந்தை: மொத்த வியாபாரிக்கு விற்கும்போது

அக்கா முதலில் தன் தூள் முழுவதையும் கொழும்புக்கு ஏற்றும் ஒரு மொத்த வியாபாரிக்கே கொடுத்து வந்தார். அவர் கிலோவுக்கு 1,300 ரூபா, அதாவது தாச்சிக்கு 13,000 ரூபா தருவார். ஒரு தாச்சி கொடுத்தாலும் அதே விலை, ஏழு கொடுத்தாலும் அதே விலை. அக்காவின் தூள் கூடினாலும் குறைந்தாலும் அந்தப் பெரிய சந்தையில் விலை அசையாது. இப்படிப்பட்ட நிலையில் விலையே எல்லை வருமானம். ஒவ்வொரு தாச்சியும் 13,000 ரூபாவைக் கூட்டுகிறது.

இப்போது எல்லைச் செலவு என்ற நிரலை மட்டும் மேலிருந்து கீழாகப் பார்த்து வர வேண்டும். ஐந்தாவது தாச்சி 11,400 செலவில் 13,000 தருகிறது, போடலாம். ஆறாவது 12,300 செலவில் 13,000 தருகிறது, அதையும் போடலாம். ஏழாவதுக்கு 13,700 செலவாகிறது, வருவது 13,000. ஆறோடு நிறுத்த வேண்டும். சரிபார்க்க மொத்த இலாபத்தைக் கணக்கிடலாம். ஐந்து தாச்சியில் 65,000 இலிருந்து 59,800 போக 5,200 ரூபா. ஆறில் 78,000 இலிருந்து 72,100 போக 5,900 ரூபா. ஏழில் 91,000 இலிருந்து 85,800 போக மறுபடியும் 5,200 ரூபா. ஏழாவது தாச்சிக்காக இரவுவரை வேலை செய்து ஐந்து தாச்சியின் இலாபத்துக்கே திரும்பி வந்திருக்கிறார்கள்.

அக்காவின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. ஏழு தாச்சியின் சராசரிச் செலவு 12,257 ரூபா, விலை 13,000. அவர் சொன்னபடி ஒவ்வொரு தாச்சிக்கும் எழுநூறுக்கு மேல் "நிக்குது" என்பது உண்மை. ஆனால் அந்த எழுநூறு, முதல் ஆறு தாச்சிகள் உழைத்துச் சேர்த்த இலாபத்தை ஏழால் பிரித்து வந்தது. ஏழாவது தாச்சி அதில் தன் பங்காக எதையும் போடவில்லை. இருந்ததில் எழுநூறை எடுத்துக்கொண்டது. சராசரி என்பது நல்லதையும் கெட்டதையும் ஒன்றாகக் கலந்துவிடும் கணக்கு. ஆகவே "அடுத்ததைப் போடுவதா" என்ற கேள்விக்கு அதனால் விடை சொல்ல இயலாது.

இதன் மறுபக்கமும் உண்டு. சராசரிச் செலவு ஆகக் குறைவாக இருப்பது ஐந்து தாச்சியில். செலவு குறைந்த இடத்தில் நிற்பதுதான் திறமை என்று எண்ணி ஐந்தோடு நிறுத்தினாலும் எழுநூறு ரூபா இழப்புத்தான். மாணவர்களின் விடைத்தாள்களில் நான் அதிகம் காணும் பிழை இது.

விலை இறங்கிவிட்டால்

மொத்த வியாபாரி ஒருநாள் தாச்சிக்கு 11,000 ரூபாதான் தருவேன் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எல்லைச் செலவு நிரலின்படி நாலாவது தாச்சிவரை போகலாம். அதன் செலவு 10,900. வருமானம் 44,000, செலவு 48,400, நட்டம் 4,400 ரூபா. நட்டம் என்றவுடன் கொட்டகையைப் பூட்டத் தோன்றும். பூட்டினால் நட்டம் 5,000 ரூபா, ஏனென்றால் வாடகையும் தவணையும் ஓடிக்கொண்டே இருக்கும். குறுங்காலத்தில் நட்டத்தோடு வேலை செய்வதே இங்கே சிறந்தது.

விலை 10,800 ரூபாவுக்கு இறங்கினால் நிலைமை வேறு. முதல் தாச்சிக்கு 11,200 செலவாவதால் அதில் 400 ரூபா போகிறது. இரண்டாவது 100 ரூபாவும் மூன்றாவது 200 ரூபாவும் மீட்டுத் தருகின்றன; நாலாவது மறுபடியும் நட்டம். மூன்று தாச்சி போட்டாலும் 100 ரூபா குறைகிறது. அடுப்பு மூட்டாமல் விடுவதே மேல். எல்லைச் செலவையும் வருமானத்தையும் ஒப்பிடும் விதி, "உற்பத்தி செய்வதானால் எவ்வளவு" என்பதை மட்டுமே சொல்கிறது. அதைக் கண்டுபிடித்த பிறகு, மாறும் செலவு முழுவதையும் வருமானம் மீட்கிறதா என்று ஒருமுறை தனியே பார்க்க வேண்டும். எல்லைச் செலவு இறங்கிக்கொண்டிருக்கும் பகுதியில் இரண்டு இலக்கங்களும் ஒன்றாக வந்தால் அதை விடையாகக் கொள்ளக் கூடாது, ஏனென்றால் அடுத்த தாச்சி இன்னும் குறைந்த செலவில் வரும். விலை மாறாத சந்தையில் நிற்க வேண்டிய இடம் எப்போதும் ஏறும் பகுதியில் இருக்கும்.

சொந்தப் பெயரில் விற்கும்போது: விலையும் எல்லை வருமானமும் பிரியும் இடம்

பின்னர் அக்கா தன் சொந்தப் பெயரை ஒட்டி யாழ்ப்பாணத்துக் கடைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார். அவர் கைப்பதத்தைத் தேடி வாங்குபவர்கள் கிலோவுக்கு 1,700 ரூபா கொடுக்கவும் ஆயத்தம்; ஆனால் அந்த விலையில் நாளுக்கு ஒரு தாச்சிதான் விற்கும். இன்னும் ஒரு தாச்சி விற்க வேண்டுமானால் கிலோவுக்கு அறுபது ரூபா அளவில் குறைக்க வேண்டும். குறைத்தால் புதிதாக வாங்குபவருக்கு மட்டும் குறையாது, எல்லாருக்கும் குறையும். ஒரு கடைக்கு 1,640 என்று கொடுத்துவிட்டு அடுத்த சந்திக் கடைக்கு 1,700 என்று சொல்ல முடியாது. பின்னேரத்துக்குள் செய்தி போய்விடும்.

| தாச்சி | தாச்சி விலை | மொத்த வருமானம் | எல்லை வருமானம் |
|---|---|---|---|
| 1 | 17,000 | 17,000 | 17,000 |
| 2 | 16,400 | 32,800 | 15,800 |
| 3 | 15,800 | 47,400 | 14,600 |
| 4 | 15,200 | 60,800 | 13,400 |
| 5 | 14,600 | 73,000 | 12,200 |
| 6 | 14,000 | 84,000 | 11,000 |

ஆறாவது தாச்சியை நிதானமாகப் பார்ப்போம். அதன் விலை 14,000 ரூபா. எல்லைச் செலவு 12,300. விலையைப் பார்த்தால் 1,700 ரூபா இலாபம் போலத் தெரிகிறது. ஆனால் ஆறாவதை விற்பதற்காக, ஏற்கெனவே 14,600 க்குப் போய்க்கொண்டிருந்த ஐந்து தாச்சிகளிலும் தலா 600 ரூபாவை விட்டுக்கொடுத்திருக்கிறோம். அது 3,000 ரூபா. 14,000 இல் 3,000 போக மிஞ்சும் 11,000 ரூபாதான் ஆறாவது தாச்சியின் எல்லை வருமானம். 12,300 செலவழித்து 11,000 பெறுவது 1,300 ரூபா நட்டம். ஐந்து தாச்சியில் இலாபம் 13,200 ரூபா. ஆறில் 11,900 ரூபா. விலையைக் குறைத்தே விற்பனையைக் கூட்ட முடியும் என்ற நிலை இருக்குமிடமெல்லாம் எல்லை வருமானம் விலைக்குக் கீழேதான் இருக்கும். விற்கும் அளவு பெருகப் பெருக அந்த இடைவெளியும் விரியும், ஏனென்றால் விட்டுக்கொடுப்பு அதிகமான தாச்சிகளின் மேல் விழுகிறது.

பிரெஞ்சு அறிஞர் கூர்னோ 1838 இலேயே, செலவே இல்லாத ஊற்று நீரை விற்பவர்கூட எல்லையின்றி விற்கமாட்டார், மொத்த வருமானம் ஏறுவது நிற்கும் இடத்தோடு நின்றுவிடுவார் என்று கணிதத்தால் காட்டினார். செலவு பூச்சியம் என்றாலும் அளவுக்கு ஒரு வரம்பு உண்டு என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

எல்லைச் செலவைக் கொப்பியில் பார்க்கலாம். எல்லை வருமானத்தை அப்படிப் பார்க்க முடியாது. விலையைக் கொஞ்சம் மாற்றிப் பார்த்துத்தான் அறிய வேண்டும். அக்கா இரண்டு கிழமை 1,520 ரூபாவுக்கும், அடுத்த இரண்டு கிழமை 1,460 ரூபாவுக்கும் கொடுத்து விற்பனையைக் குறித்தார். நல்லூர்த் திருவிழா நடக்கும் நாட்களையும் தைப்பொங்கலை ஒட்டிய நாட்களையும் தவிர்க்கச் சொன்னேன். அந்த நாட்களில் வெளியூரிலிருந்து வருபவர்கள் வாங்கிப்போவதால் விற்பனை ஏறும், விலையைக் குறைத்ததால்தான் ஏறியது என்று தவறாக எண்ணிவிடுவோம். இன்னொன்று, கடைக்குக் கொடுத்ததை விற்பனையாக எழுதக் கூடாது. விலையைக் குறைத்தவுடன் கடைக்காரர் கூடுதலாக எடுத்து அடுக்கி வைப்பார்; ஒன்றரை மாதம் கழித்து அதில் ஒரு பகுதி மணம் போய்த் திரும்பி வரும். பணமாக வந்து சேர்ந்த பைக்கற்றுகளை மட்டும் எண்ண வேண்டும்.

இரண்டு சந்தைகளும் சேர்ந்தால்

இப்போது அக்காவுக்கு இரண்டு வழியும் திறந்திருக்கிறது: யாழ்ப்பாணத்துக் கடைகள், 13,000 ரூபா தரும் மொத்த வியாபாரி. ஐந்து தாச்சியைக் கடைகளுக்கே கொடுத்து 14,600 வீதம் பெறுவதுதான் நல்லது என்று எவருக்கும் தோன்றும். 14,600 எங்கே, 13,000 எங்கே? ஆனால் கடைகளுக்குப் போகும் ஐந்தாவது தாச்சியின் எல்லை வருமானம் 12,200 ரூபாதான். அதே தாச்சியை மொத்த வியாபாரிக்குக் கொடுத்தால் 13,000 கிடைக்கிறது, கடை விலையும் 15,200 இலேயே நிற்கிறது. ஆகவே கடைகளுக்கு நாலு. ஐந்தாவது மொத்த வியாபாரிக்கு. ஆறாவதுக்குச் செலவு 12,300, அதையும் அவர் 13,000 க்கு எடுப்பார். ஏழாவதுக்கு 13,700 செலவாவதால் நிறுத்த வேண்டும்.

வருமானம் 60,800 உடன் 26,000 சேர்ந்து 86,800 ரூபா, செலவு 72,100, இலாபம் 14,700 ரூபா. கடைகளுக்கு மட்டும் ஐந்து தாச்சி விற்றபோது கிடைத்தது 13,200. விலை குறைந்த இடத்துக்குத் தெரிந்தே இரண்டு தாச்சியைத் திருப்பியதால் நாளுக்கு 1,500 ரூபா கூடியிருக்கிறது.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மொத்த வியாபாரிக்குப் போகும் தூள் சுற்றிவந்து யாழ்ப்பாணக் கடைகளிலேயே மலிவாக விற்கப்படக் கூடாது. அக்கா அந்த இரண்டு தாச்சியைத் தன் பெயர் ஒட்டாமல் பெரிய பையில் கொடுப்பது அதற்காகத்தான். கடைக்காரர் யாராவது "உங்கட தூள் அங்கால மலிவா வருதாமே" என்று கேட்கத் தொடங்கினால், மேலே உள்ள வருமான அட்டவணை இனிச் செல்லாது என்று பொருள். மறுபடியும் விலையைச் சோதித்துப் புதிய அட்டவணை எழுத வேண்டும்.

கணக்கு எங்கே சறுக்கும்

நமது அட்டவணையில் எல்லைச் செலவு ஒழுங்காக ஏறுவது, கூலி மணிக்கணக்கில் கொடுக்கப்படுவதால். நாட்கூலி என்றால் ஆள் வந்த நிமிடமே அன்றைய கூலி முழுவதும் நிலையான செலவாகிவிடும். ஐந்து மணிவரை எல்லைச் செலவு தாழ்ந்து கிடந்து, நாலாவது ஆளைக் கூப்பிட வேண்டிய தாச்சியில் திடீரென்று ஒரு படி ஏறும். அப்படிப்பட்ட இடங்களில் ஒரு தாச்சியை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. அந்த ஆளை வைத்துச் செய்யக்கூடிய எல்லாத் தாச்சிகளையும் ஒரே தொகுதியாக எடுத்து, தொகுதியின் செலவையும் வருமானத்தையும் ஒப்பிட வேண்டும்.

நிலையான செலவு என்றைக்கும் நிலையாக இருப்பதும் இல்லை. கடன் தவணை முடிந்து, இயந்திரத்தை வைத்திருப்பதா விற்பதா, இரண்டாவதை வாங்குவதா என்று யோசிக்கும் நாளில் அந்த 5,000 ரூபாவும் தெரிவுக்குள் வந்துவிடும். விலை சராசரிச் செலவை மீட்காவிட்டால் தொழிலைத் தொடர்வதில் பொருளில்லை என்று அன்றைக்குச் சொல்லலாம். இன்றைய தாச்சியைப் பற்றிப் பேசும்போது சொல்லக் கூடாது.

அண்மையில் மிளகாய் விலை ஏறி ஒவ்வொரு தாச்சிக்கும் 1,000 ரூபா கூடியபோது, கடை விலையை எவ்வளவு உயர்த்துவது என்று அக்கா கேட்டார். நிரலை மறுபடியும் எழுதினோம். ஐந்தாவது தாச்சியின் எல்லைச் செலவு 12,400 ஆயிற்று, ஆறாவதன் செலவு 13,300 ஆயிற்று. ஆகவே ஆறாவதை நிறுத்த வேண்டும். கடைக்குப் போகும் நாலாவது தாச்சி இன்னமும் 13,400 தருகிறது, மொத்த வியாபாரி 13,000 தருகிறார். ஆகவே கடைகளுக்கு நாலு என்பது மாறவில்லை, 1,520 ரூபா என்ற கடை விலையும் மாறவில்லை. குறைந்தது மொத்த வியாபாரிக்குப் போகும் ஒரு தாச்சிதான். இலாபம் 9,000 ரூபாவுக்கு இறங்கியது. பழையபடி ஆறு போட்டிருந்தால் 8,700, விலையை உயர்த்திக் கடைகளுக்கு மூன்றாகக் குறைத்து மற்ற இரண்டையும் மொத்த வியாபாரிக்குக் கொடுத்திருந்தால் 8,600. அக்கா மூன்று தொகையையும் தானே கூட்டிப் பார்த்துவிட்டு, ஆறாவது தாச்சிக்கென்று நிறுத்து வைத்திருந்த மிளகாயைத் திரும்ப மூடைக்குள் கொட்டினார்.